மேலே அடுக்குமுன் கீழே இறங்கும் வழியைப் பாருங்கள்

திருப்பூரில் ஏற்றுமதி சீசன் சூடு பிடித்துவிட்டால் குடோன்களில் கால் வைக்க இடமிருக்காது. ஒரு பக்கம் துணி ரோல்கள் வந்து இறங்கும். இன்னொரு பக்கம் பேக்கிங் முடிந்த அட்டைப்பெட்டிகள் கன்டெய்னருக்குக் காத்துக் கிடக்கும். நடைவழியெல்லாம் சரக்காகிவிடும். இன்னொரு குடோன் பிடிக்கலாம் என்றால் வாடகை, அட்வான்ஸ், தனி வாட்ச்மேன், இரண்டு இடத்துக்கும் வண்டி ஓட்டம் என்று செலவு நீளும். அப்போதுதான் முதலாளியின் பார்வை மேலே போகிறது. இருபது அடி உயர ஷெட்டில் சரக்கு நிற்பது எட்டடி வரைதான். மிச்சமெல்லாம் சும்மா கிடக்கிறது.

அந்த உயரத்தைப் பயன்படுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரும்புத் தூண்கள் நிறுத்தி, குறுக்கே பீம் போட்டு, மேலே தகடு விரித்து நடுவில் ஒரு தளம் அமைப்பது. இதை மெஸானைன் என்கிறார்கள், இடைத்தளம் என்றும் சொல்லலாம். மற்றது, இப்போதுள்ள ரேக்குகளை இன்னும் இரண்டு அடுக்கு உயர்த்துவது. இரண்டுமே நல்ல வழிகள்தான். முறையாகச் செய்தால் புதுக் குடோன் கட்டும் செலவில் ஒரு பங்கில் இடம் கிடைக்கும்.

ஆனால் மேலே ஏற்றுவதைப் பற்றி யோசிக்கிற அளவுக்குக் கீழே இறங்குவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஓர் உயரத்தில் சரக்கு வைத்துவிட்டால் மூன்று இறக்கங்களுக்கு வழி இருந்தாக வேண்டும். சரக்கின் எடை மண்ணுக்குள் இறங்க வேண்டும். தீப்பிடித்தால் அணைக்கிற தண்ணீர் நெருப்பு வரை இறங்க வேண்டும். மேலே வேலை செய்கிற ஆள் உயிரோடு வெளியே இறங்க வேண்டும். விதிமுறைகள் பக்கம் பக்கமாக இருந்தாலும் அவை கேட்பது கடைசியில் இந்த மூன்றைத்தான்.

எடை இறங்கும் வழி

கணக்குக்காக ஒரு குடோனை எடுத்துக்கொள்வோம். நீளம் 80 அடி, அகலம் 50 அடி, மொத்தம் 4,000 சதுர அடி. பக்கச் சுவரின் உயரம் 6 மீட்டர். உள்ளே 12 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் ஓர் இடைத்தளம் போட நினைக்கிறார் உரிமையாளர். 120 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,290 சதுர அடி புதிதாகக் கிடைக்கும். இந்த அளவை அவர் சும்மா எடுக்கவில்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி இடைத்தளங்களின் பரப்பு கட்டடத் தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உயரம் குறைந்தது 2.2 மீட்டர் இருக்க வேண்டும். கீழே 2.75 மீட்டர் விட்டு, பீமுக்கும் தகட்டுக்கும் 40 சென்டிமீட்டர் போனால், மேலே 2.85 மீட்டர் மிஞ்சும். அளவுகள் சரியாக இருக்கின்றன.

அடுத்து ஃபேப்ரிகேஷன் பட்டறைக்காரர் வருகிறார். டேப் பிடித்து அளந்துவிட்டு, சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட் சொல்கிறார். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“எவ்வளவு வெயிட்டுங்க தாங்கும்?”

“யானையே ஏறலாமுங்ணா. நாங்க எத்தனை குடோனுக்குப் போட்டிருக்கோம்!”

இந்தப் பதிலில் எண் இல்லை. எண் இல்லாத பதிலை நம்பி ஒரு தூண்கூட நிறுத்தக் கூடாது.

அந்த எண்ணை ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலையின் இரண்டாம் பகுதி தருகிறது. வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை தாங்கும்படி வடிவமைத்தால் போதும். சரக்குக் கிடங்கின் தளத்துக்கு, சரக்கு அடுக்கும் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சுமார் 245 கிலோ என்று கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கில் எவ்வளவு குறைவாக வந்தாலும் சதுர மீட்டருக்குச் சுமார் 765 கிலோ என்ற அளவுக்குக் கீழே போகக் கூடாது. சதுர அடியில் சொன்னால் 71 கிலோ. வீட்டுத் தளத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு.

இனி நம் குடோனுக்கு வருவோம். 120 சதுர மீட்டரை 765 கிலோவால் பெருக்கினால் 92 டன் வரும். இந்த 92 டன்னும் தகட்டிலிருந்து சிறிய பீமுக்கும், அங்கிருந்து பெரிய பீமுக்கும், பிறகு தூணுக்கும், கடைசியில் தூணின் அடித்தகடு வழியாகத் தரைக்கும் போகிறது. நீள வாக்கில் 4 மீட்டர், அகல வாக்கில் 5 மீட்டர் இடைவெளியில் 12 தூண்கள் நிறுத்தினால், நடுவில் நிற்கும் ஒரு தூண் 20 சதுர மீட்டர் தளத்தைச் சுமக்கும். சரக்கு 15 டன், தளத்தின் சொந்த எடை 2 டன் என்று அந்த ஒரு தூணின் காலடியில் 17 டன் இறங்கும்.

அந்தக் காலடியில் என்ன இருக்கிறது? பல ஷெட்டுகளில் கிராவல் கொட்டி நிரப்பிய மண்ணும், அதன்மேல் நான்கு அங்குல கான்கிரீட்டும்தான். தள்ளுவண்டி ஓடவும் ஆள் நடக்கவும் போட்ட தரை அது. தூணின் அடித்தகட்டை அதில் போல்ட் அடித்து நிறுத்தினால் முதல் மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு தூணைச் சுற்றி வட்டமாக விரிசல் விடும். ஒரு தூண் மட்டும் சில மில்லிமீட்டர் அமுங்கும். மேலே தளம் ஒரு பக்கம் சரியும். சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கும் மண் என்று வைத்துக்கொண்டாலும், 17 டன் தூணுக்கு 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் அளவில் தனி அஸ்திவாரம் வேண்டும். அதாவது தரையை வெட்டி, நல்ல மண் வரும் வரை தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட வேண்டும். ரேட் மலிவாக வருகிறது என்றால் பெரும்பாலும் இந்த வேலையைத்தான் விட்டிருப்பார்கள். கொட்டேஷனில் முதலில் தேட வேண்டிய வரி அஸ்திவாரம்தான்.

தூணைக் குறைக்க இன்னொரு குறுக்குவழியும் சொல்வார்கள். ஷெட்டின் தூணிலேயே பீமை வெல்டிங் வைத்துவிடலாம், கூரை டிரஸ்ஸிலிருந்து கம்பி போட்டுத் தொங்கவிடலாம் என்பார்கள். ஆள் நடமாட்டமில்லாத கூரைக்கு, சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 75 கிலோ கூடுதல் சுமை வரும் என்றுதான் பொதுவாக வடிவமைக்கிறார்கள். பத்து மடங்கு சுமையை அதில் மாட்டுவது ஷெட்டையே கீழே இழுப்பதற்குச் சமம். இடைத்தளம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். அது பக்கவாட்டில் ஆடாமல் இருக்கத் தூண்களுக்கிடையே குறுக்குக் கம்பிகள் கொடுத்திருப்பார்கள். டிராலி போக இடைஞ்சலாக இருக்கிறது என்று பிற்பாடு அவற்றை அறுத்துவிடும் பழக்கமும் பல இடங்களில் உண்டு. அந்தக் கம்பிகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. அவை போனால், மேலே ஒரு டிராலியை வேகமாக நிறுத்தினாலே தளம் அசையும்.

இன்றைக்குப் பெட்டி, நாளைக்கு ரோல்

‘எங்கள் சரக்கு பனியன்தானே, லேசானது. எதற்கு 765 கிலோ?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பனியன் பெட்டி ஒன்று 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம், எடை 15 கிலோ என்று கொள்வோம். ஐந்து பெட்டி அடுக்கினால் 2 மீட்டர் உயரம், 75 கிலோ. கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 312 கிலோதான் வருகிறது. சிக்கனம் பார்க்கிற பட்டறைக்காரர், 350 கிலோவுக்குப் போட்டால் போதும் என்பார்.

அடுத்த வருடம் கீழே கட்டிங் டேபிள் போட இடம் வேண்டியிருக்கிறது. துணி ரோலை மேலே ஏற்றிவிடுகிறார்கள். ஒரு மீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் விட்டம், 22 கிலோ எடை கொண்ட ரோல். எட்டு ரோல் அடுக்கினால் அதே 2 மீட்டர் உயரம்தான். ஆனால் கால் சதுர மீட்டரில் 176 கிலோ நிற்கிறது. சதுர மீட்டருக்கு 704 கிலோ! பார்வைக்கு உயரம் மாறவில்லை. எடை இரண்டு மடங்குக்கும் மேலாகிவிட்டது. 765 கிலோவுக்குப் போட்ட தளம் இதைத் தாங்கும். 350 கிலோவுக்குப் போட்டது தாங்காது. மேலே என்ன சரக்கு போகும் என்பது வருடா வருடம் மாறக்கூடியது என்பதால்தான் தரநிலை ஒரு குறைந்தபட்ச அளவை வைத்திருக்கிறது.

765 கிலோ என்று பலகை எழுதி மாட்டினால் சுமை ஏற்றுகிற தொழிலாளிக்கு அதனால் பயனில்லை. அவருக்குப் புரியும்படி, ‘பெட்டி ஐந்து அடுக்கு, ரோல் எட்டு அடுக்கு, அதற்கு மேல் கூடாது’ என்று தமிழிலும் இந்தியிலும் எழுத வேண்டும். அந்த உயரத்தில் தூண்களிலும் சுவரிலும் சிவப்புக் கோடு ஒன்று இழுத்துவிட்டால் இன்னும் நல்லது. கோட்டைத் தாண்டிச் சரக்கு நின்றால் வாசலிலிருந்தே கண்ணில் படும்.

ரேக்கை உயர்த்தும்போது

ரேக் வைத்திருப்பவர்கள், இன்னும் ஓர் அடுக்குதானே என்று நினைப்பார்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு பேலட், ஒவ்வொன்றும் 500 கிலோ. ஓர் அடுக்குக்கு ஒரு டன். பீம் மூன்று அடுக்கு என்றால் இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள சட்டத்தில் 3 டன், அதன் ஒவ்வொரு காலிலும் ஒன்றரை டன். நான்காவது அடுக்கு சேர்த்தால் காலுக்கு 2 டன். மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ரேக் முதுகோடு முதுகு நிற்கும் இடத்தில் இரண்டு கால்கள் ஓர் அடி இடைவெளியில் சேர்ந்து 4 டன்னைத் தரையில் ஊன்றும்.

தரை இதைத் தாங்காவிட்டால் கான்கிரீட் நொறுங்கிப் போகாது, மெதுவாக அமுங்கும். ஒரு மீட்டர் ஆழமுள்ள ரேக்கில் ஒரு பக்கக் கால் 10 மில்லிமீட்டர் இறங்கினால், 6 மீட்டர் உயரத்திலுள்ள உச்சி 60 மில்லிமீட்டர் சாயும். சாய்ந்த ரேக்கில் சுமை ஒரு பக்கமே சேரும். அது இன்னும் சாயும்.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று இருக்கிறது. கீழ் அடுக்கில் உயரமான பேலட் நிறுத்துவதற்காக முதல் பீமை 1.5 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்குத் தூக்கி மாட்டிவிடுவார்கள். ஸ்பேனர்கூட வேண்டாம், கொக்கியைக் கழற்றி மேல் துளையில் மாட்டினால் வேலை முடிந்தது. சுமை ஒரு கிலோகூடக் கூடவில்லை. ஆனால் தரைக்கும் முதல் பீமுக்கும் நடுவில் பிடிமானமில்லாமல் நிற்கும் காலின் நீளம் கூடிவிட்டது. மெல்லிய தூணின் தாங்கும் திறன், பிடிமானமில்லாத நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஒன்றரை மீட்டர் இரண்டு மீட்டரானால், எளிய கணக்கிலேயே திறன் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும். இணைப்புகளின் இறுக்கத்தைப் பொறுத்து உண்மையான எண் மாறும். அந்த எண்ணைச் சொல்லக் கூடியவர் அந்த ரேக்கைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்தான். பீம் உயரத்தை மாற்றுமுன் அவரிடம் எழுதி வாங்க வேண்டும். ஒரு கம்பெனியின் காலில் இன்னொரு கம்பெனியின் பீமை மாட்டுவதும், பழைய இரும்புக் கடையில் வாங்கிய துண்டை மேலே ஒட்டி உயர்த்துவதும் இதே காரணத்தால் ஆபத்து. அவற்றுக்கு யாரிடமும் கணக்கு இல்லை.

ரேக் ஒன்று விழுந்தால் அது மட்டும் விழாது. பீம்களால் கோக்கப்பட்ட வரிசை முழுதும் விழும், எதிர் வரிசையையும் தள்ளும். 2016 மே மாதத்தில் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு கிடங்கில் சீஸ் அடுக்கிய ரேக்குகள் இப்படித்தான் சரிந்தன. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒருவர் பல மணி நேரம் சரக்குக்கு அடியில் சிக்கி, பிறகு உயிரோடு மீட்கப்பட்டார். வண்டியின் கூண்டு அவரைக் காப்பாற்றியது. தள்ளுவண்டியோடு நிற்கும் ஆளுக்கு அந்தக் கூண்டும் கிடையாது.

ஃபோர்க்லிஃப்ட் இடித்து வளைந்த கால்தான் ரேக்கின் எமன். வளைவு எவ்வளவு இருக்கலாம் என்பதைப் பார்க்க ஒரு மீட்டர் நீள இரும்பு ஸ்கேல் போதும். வளைந்த இடம் ஸ்கேலின் நடுவில் வரும்படி காலோடு ஒட்டிப் பிடியுங்கள். ஸ்கேலுக்கும் காலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பீம் ஓடும் திசையில் வளைந்திருந்தால் 5 மில்லிமீட்டர் வரைதான் இருக்கலாம். ரேக்கின் ஆழத் திசையில், அதாவது முன்காலையும் பின்காலையும் இணைக்கும் சட்டத்தின் திசையில், 3 மில்லிமீட்டர்தான் எல்லை. அந்த இணைப்புச் சட்டங்கள் 10 மில்லிமீட்டர் வரை வளைந்திருக்கலாம். ஐரோப்பியக் கிடங்குகள் பின்பற்றும் அளவுகள் இவை. எல்லையைத் தாண்டியிருந்தால் அதன்மேல் புதிதாகச் சரக்கு ஏற்றக் கூடாது, காலை மாற்ற வேண்டும். எல்லையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போயிருந்தால் உடனே அந்தக் கட்டத்தைக் காலி செய்ய வேண்டும். சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது தீர்வாகாது. ஒருமுறை மடங்கிய தகடு பழைய வலுவுக்குத் திரும்பாது.

தண்ணீர் இறங்கும் வழி

சரக்கு உயர்ந்தால் தீயின் குணமும் மாறும். தரையில் பரப்பிய துணியில் தீ மெல்ல ஊரும். அடுக்கிய சரக்கில் அது ஏறும். கீழ் அடுக்கின் சுவாலை மேல் அடுக்கைச் சூடாக்க, அது பற்ற, அதன் சுவாலை அதற்கு மேலுள்ளதைப் பற்றவைக்கும். முதுகோடு முதுகு நிற்கும் ரேக்குகளின் இடைவெளி புகைபோக்கியாக வேலை செய்து தீயை உச்சிக்கு இழுக்கும். அதற்காக அந்த இடைவெளியை அடைத்துவிடக் கூடாது. மேலே ஸ்பிரிங்க்ளர் இருந்தால் அதன் தண்ணீர் உள்ளே இறங்குவதும் அதே இடைவெளி வழியாகத்தான். பேலட்டுகளுக்கு நடுவிலும் வரிசைகளுக்கு நடுவிலும் 15 சென்டிமீட்டர் சந்து விட வேண்டும் என்று சொல்வது இதற்காகவே. இடம் வீணாகிறதே என்று அதில் பெட்டியைச் செருகினால் தீ முகப்புப் பக்கம் ஏறிவிடும், தண்ணீர் மட்டும் உள்ளே போகாது.

ஸ்பிரிங்க்ளர் தலைக்கும் சரக்கின் உச்சிக்கும் நடுவில் குறைந்தது ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். அப்போதுதான் தண்ணீர் குடை போல விரியும். அதைவிட முக்கியமான சங்கதி, ஸ்பிரிங்க்ளர் அமைப்பு ஒரு குறிப்பிட்ட சரக்குக்கும் குறிப்பிட்ட உயரத்துக்கும் கணக்கிட்டுப் போடப்பட்டது என்பது. பன்னிரண்டு அடிச் சரக்குக்குப் போட்ட பம்பும் தொட்டியும் இருபது அடிச் சரக்கின் தீக்குப் போதாது. ரேக் உயர்ந்தால் தண்ணீர்க் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். சில இடங்களில் ரேக்கின் நடு அடுக்குகளிலேயே தனி ஸ்பிரிங்க்ளர் வரிசை தேவைப்படும்.

இடைத்தளம் போட்டால் அதன் அடிப்பகுதி கூரை ஸ்பிரிங்க்ளருக்கு மறைவிடமாகிவிடும். மேலிருந்து கொட்டும் தண்ணீர் தகட்டில் நின்றுவிடும், கீழே தீ தன் பாட்டுக்கு எரியும். ஓட்டைக் கிராதி போட்டால் தண்ணீர் ஒழுகிவிடும் என்பார்கள். அதன்மேல் பெட்டி அடுக்கிய பிறகு ஓட்டை எங்கே இருக்கிறது? இடைத்தளத்தின் கீழேயும் தனியாகக் குழாய் ஓட வேண்டும். ஸ்பிரிங்க்ளரே இல்லாத சிறிய குடோன் என்றாலும் புகை அறியும் கருவி, அவசர விளக்கு, தீயணைப்பான் மூன்றும் மேலேயும் வேண்டும், கீழேயும் வேண்டும். எந்த இடத்திலிருந்தும் 15 மீட்டர் நடைக்குள் ஒரு தீயணைப்பான் கைக்கு எட்ட வேண்டும்.

இரும்புத் தளம் எரியாதே என்று நினைப்பதும் தவறு. 550 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரும்பு தன் வலுவில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். துணிக் குடோன் தீயில் அந்தச் சூடு வர அதிக நேரம் ஆகாது. எரியாமலே அது மடங்கி விழும். சூட்டில் உப்பி நுரைத்து இரும்பை மூடிக்கொள்ளும் தீத்தடுப்புப் பெயிண்ட் கிடைக்கிறது. அது தப்பிக்கும் நேரத்தை நீட்டித் தரும்.

தளம் போடுகிற நாட்களிலேயே தீ வரலாம். சரக்கை அப்படியே வைத்துக்கொண்டு தலைக்கு மேல் வெல்டிங் வைக்கிறார்கள். ஒரு பொறி ரோலுக்குள் விழுந்தால் வெளியே தெரியாமல் கனிந்துகொண்டிருக்கும், ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு பற்றும். வெல்டிங் நடக்கும் இடத்தைச் சுற்றிச் சரக்கை அப்புறப்படுத்துங்கள். அப்புறப்படுத்த முடியாததைத் தீப்பிடிக்காத போர்வையால் மூடுங்கள். வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் ஓர் ஆள் தீயணைப்பானோடு காவல் இருக்க வேண்டும்.

ஆள் இறங்கும் வழி

கராச்சியின் பல்தியா டவுன் பகுதியில் 2012 செப்டம்பர் 11 அன்று அலி என்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். திருப்பூரைப் போலவே ஐரோப்பியக் கடைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்த ஆலை அது. சில வாரங்களுக்கு முன்புதான் சர்வதேசத் தரச் சான்றிதழ் வாங்கியிருந்தது. தீ வைத்தது சதி என்று சொல்லி 2020-ல் நீதிமன்றம் இருவருக்கு மரண தண்டனை விதித்தது. யார் தீ வைத்தார்கள் என்பது ஒரு கேள்வி. இத்தனை பேர் ஏன் வெளியேற முடியவில்லை என்பது தனிக் கேள்வி. அதற்கான பதிலில் கம்பி போட்ட ஜன்னல்களும் பூட்டிய கதவுகளும் வருகின்றன. அனுமதியில்லாமல் மரத்தால் போட்ட ஓர் இடைத்தளமும் வருகிறது.

புகை முதலில் கூரைக்குப் போய் அங்கே தங்கி, பிறகு படிப்படியாகக் கீழே இறங்கும். தரையில் நிற்பவருக்குப் புகை வாசனை வருமுன்பே, கூரைக்குப் பக்கத்தில் நிற்கும் இடைத்தளத் தொழிலாளியின் தலை புகைக்குள் இருக்கும். அவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு, போக வேண்டிய தூரம் அதிகம். ஆகவே ஒரே ஓர் ஏணிப்படி போதாது. எதிரெதிர் மூலைகளில் இரண்டு படிகள் வேண்டும். அவற்றில் ஒன்றாவது கட்டடத்தின் வெளிக்கதவுக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். படியின் அடியில் சரக்கு வைக்கக் கூடாது. அங்கே தீப்பிடித்தால் படியே அடுப்பாகிவிடும். மேலே தூரமான மூலையில் நிற்கிற ஆள் பாதுகாப்பான வெளிவாசலை அடைய நடக்கும் தூரம் 30 மீட்டரைத் தாண்டக் கூடாது. இதை வரைபடத்தில் நேர்கோடாக அளக்கக் கூடாது. ரேக்குகளைச் சுற்றி, படி இறங்கி, நடந்தே அளக்க வேண்டும்.

அன்றாடம் விழும் ஆபத்தும் இருக்கிறது. தளத்தின் விளிம்பில் ஒரு மீட்டர் உயரக் கைப்பிடிக் கம்பியும், பொருள் உருண்டு கீழே விழாமல் காலடியில் தடுப்புத் தகடும் வேண்டும். ஃபோர்க்லிஃப்டிலிருந்து சரக்கு வாங்கும் இடத்தில் வெறும் சங்கிலி மாட்டினால் அது எப்போதும் கழன்றே கிடக்கும். ஒரு பக்கம் திறந்தால் மறுபக்கம் தானாக மூடும் கதவு கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

யாரைக் கேட்க வேண்டும்?

வரிசை முக்கியம். முதலில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர். தரையை ஓரிடத்தில் வெட்டிப் பார்த்து, சுமைக் கணக்கும் வரைபடமும் கையெழுத்திட்டுத் தருபவர் அவர். வாடகைக் கட்டடம் என்றால் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும், ஏனென்றால் தரையை வெட்டப் போகிறீர்கள். அடுத்து, மாநகராட்சியிலோ நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ திருத்திய வரைபடத்துக்கு அனுமதி. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இதற்குப் பொருந்தும். பிறகு தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. பழைய உரிமத்தில் இடைத்தளம் இல்லை என்றால் அந்த உரிமம் உங்கள் இப்போதைய கட்டடத்துக்கு உரியது அல்ல. குடோனில் செக்கிங், பேக்கிங் வேலை நடந்தால் அது தொழிற்சாலைக் கணக்கில் வரலாம் என்பதால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தையும் கேட்க வேண்டும். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் பட்டறைக்காரர்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதமும் போக வேண்டும். பாலிசி எடுத்தபோது சொன்ன கட்டடமும், தீப்பிடித்தபோது இருந்த கட்டடமும் ஒன்றாக இல்லாவிட்டால் இழப்பீடு சிக்கலாகும். தளம், உயரம், சரக்கின் அளவு மாறியதை முன்கூட்டியே தெரிவித்து, பாலிசியில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இதைப் படிக்கும்போதே சிலருக்குத் தங்கள் குடோனில் ஏற்கனவே நிற்கும் இடைத்தளம் நினைவுக்கு வரலாம். கணக்கும் தாளும் இல்லாமல் போட்டது. அதை இன்றே இடித்துவிட வேண்டும் என்பதில்லை. முதலில் மேலேயுள்ள சுமையில் பாதியைக் கீழே இறக்குங்கள். படிகளையும் கதவுகளையும் மறைக்கிற சரக்கை எடுத்துவிடுங்கள். தூண்களின் அடியைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, பீம்கள் நடுவில் தொய்ந்திருக்கின்றனவா, வெல்டிங்கில் கீறல் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றாவது கண்ணில் பட்டால் மேலேயும் ஆட்கள் போகக் கூடாது, கீழேயும் வேலை நடக்கக் கூடாது. பிறகு இன்ஜினீயரைக் கூப்பிட்டு, இந்தத் தளம் எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதி வாங்குங்கள். அவர் தரும் எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதுதான் உங்கள் இடம். அதற்கு மேல் ஒரு பெட்டிகூட ஏற்றாதீர்கள்.